மாறிகளின் பெயரில் கை வைக்காதீர்கள்

காரைக்குடியிலிருந்து பொருளாதார ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழில் வெளியிடும் பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இந்தோனேசிய மொழியிலிருந்து நான் மொழிபெயர்த்து அனுப்பும் சுருக்கங்களை உங்கள் திருத்துநர் மெருகேற்றி அச்சுக்குக் கொடுக்கிறார். நடையைத் திருத்துவதில் எனக்கு வழக்கில்லை. மாறிகளின் பெயரையும் மாற்றுகிறாரே, அதுதான் வழக்கு.

மாகாணங்களின் வேலையின்மையை விளக்க அந்நாட்டு ஆய்வாளர்கள் அடிக்கடி எழுதும் சமன்பாட்டைப் பாருங்கள்:

```
TPT = b0 + b1 UMP + b2 PDRB + b3 IPM + e
```

TPT திறந்த வேலையின்மை வீதம். UMP மாகாணக் குறைந்தபட்ச ஊதியம். PDRB வட்டார மொத்த உள்நாட்டு உற்பத்தி. IPM மனித மேம்பாட்டுக் குறியீடு. தலைப்பில் ‘திறந்த வேலையின்மை’ என்று எழுதினேன். அச்சில் நடுவே அது ‘வேலையில்லாத் திண்டாட்டம்’ ஆயிற்று, முடிவில் ‘குறைவேலை’ ஆயிற்று. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாக உழைத்து, மேலும் வேலை தேடும் குறைவேலையினரை அந்நாட்டுப் புள்ளியியல் துறை தனியாகக் கணக்கிடுகிறது. அவர்கள் TPT-இல் சேரமாட்டார்கள். நம் ஊர்க் கடைக் கணக்கில் ஒருவர் பற்றை மூன்று பெயரில் எழுதினால் ஐந்தொகை ஒத்துவருமா?

PDRB-இல் ‘வட்டார’ என்ற சொல் நீளமாக இருக்கிறதென்று வெட்டப்பட்டது. வெட்டினால் அது PDB, அதாவது நாடு முழுமைக்குமான உற்பத்தி. மாகாணத்தை மாகாணத்தோடு ஒப்பிடும் ஆய்வில் எல்லா மாகாணத்துக்கும் ஒரே எண்ணை வைத்து எதை ஒப்பிடுவது?

இவற்றைவிடப் பெரிய வம்பு முடிவு வாக்கியங்களில் இருக்கிறது. ‘செசாரா பார்சியால்’ என்று வந்தால், மற்ற மாறிகளை மாற்றாமல் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே t சோதனைக்கு உட்படுத்தியதாகப் பொருள். திருத்துநர் அதை ‘ஓரளவு பாதிக்கிறது’ என்று ஆக்கிவிட்டார். முழு வலிமையுள்ள விளைவு அச்சில் அரை விளைவாகிவிட்டது! ‘செசாரா சிமுல்தான்’ என்பது F சோதனை: b0 நீங்கலாக எல்லாக் கெழுக்களும் பூச்சியம் என்ற கருதுகோளை மறுக்க முடிகிறதா என்று சேர்த்துப் பார்ப்பது. அதை நான் ‘கூட்டாக’ என்று எழுதினேன். அச்சில் ‘ஒரே நேரத்தில்’ என்று வந்தது. இதில் காலத்துக்கு இடமே இல்லை. ஆனால் ‘பெர்சாமாஆன் சிமுல்தான்’ என்று வந்தால் அது ஒருங்கமை சமன்பாடுகள் என்ற வேறு வகைக் கணித மாதிரி. அங்கே ‘கூட்டாக’ என்று போட்டால் தவறு என்னுடையதாகிவிடும். அருகில் t, F மதிப்புகள் இருக்கின்றனவா, ஒரு சமன்பாடா பலவா என்று மூலக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தால் ஐயம் தீரும்.

ஆகவே இனி ஒவ்வொரு சுருக்கத்தோடும் ஒரு சிறு பட்டியல் அனுப்புகிறேன்: மூலக் குறியீடு, தமிழ்ப் பெயர், அலகு. குறியீட்டை உள்ளபடியே விடுங்கள். தமிழ்ப் பெயர் பிடிக்காவிட்டால் பட்டியலில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். தலைப்பு, மாதிரி, முடிவு மூன்றிலும் நானே மாற்றித் தருகிறேன். அடுத்த இதழுக்கான ஊதிய ஆய்வின் சுருக்கம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதை அச்சுக்கு அனுப்பும் முன் அதன் பட்டியல் வந்து சேரும்வரை பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்,
தேவகோட்டை