டிசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள தலைமையாசிரியர் சார்,

வணக்கம். போன வாரப் பயிற்சியில் டீ ஆறிப்போகும் வரை வாதாடினோம், மணி அடித்ததும் பாதியிலேயே எழுந்துவிட்டோம். மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கழிப்பறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பீரியட் உள்ளேயே இருந்திருக்கிறான். மூவருக்கும் டிசி கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் சீரமைப்பு முறையை முயன்று பாருங்கள், செய்தவர்களும் பாதிக்கப்பட்டவனும் நேரில் உட்கார்ந்து பேசி, நடந்ததை எப்படிச் சரிசெய்வது என்று முடிவு செய்யட்டும் என்றேன் நான். எட்டாம் வகுப்பு வரை என்றால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு உங்களைத் தடுக்கும். இவர்கள் அதைத் தாண்டியவர்கள். பேனா உங்கள் கையில் இருக்கிறது.

"சமாதானம் பண்ணி விடுற வேலையெல்லாம் நாங்களும் பார்த்தாச்சு" என்றீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். அப்பாவை வரச்சொல்வோம். அவர் நம் மேசைக்கு எதிரிலேயே பையனை நாலு சாத்து சாத்துவார். மன்னிப்புக் கடிதம் வாங்குவோம். அடிபட்டவனைக் கூப்பிட்டு, "சரி, கை கொடுங்கடா" என்போம். பத்து நிமிடத்தில் கதை முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் அடிபட்டவனிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டோம். இது தோற்றுப்போவதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் நான் சொன்ன சீரமைப்பு முறை இது அல்ல.

எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் இரண்டு பேர், சைக்கிள் ஷெட்டில் ஒரு பையனுடைய இலவச சைக்கிளின் பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். விளையாட்டுக்காம். அவன் பாலத்து இறக்கத்தில் போய் விழுந்தான். தாடையில் மூன்று தையல்.

இரண்டு தரப்புக்கும் பாடம் எடுக்காதவன் என்பதால் என்னிடம் விட்டார்கள். உடனே எல்லோரையும் கூட்டிவைக்கவில்லை. முதலில் விழுந்தவனிடம் தனியாகப் பேசினேன். அவர்களை நேரில் பார்க்க விருப்பமா, வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றான். பிறகு மற்ற இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்ளாதவனை உட்கார வைக்கக்கூடாது. வைத்தால் அது விசாரணையாகிவிடும். ஒருவன் முதல் நாளே ஒப்புக்கொண்டான். இன்னொருவனுக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியாகப் பெற்றோர்களிடம் பேசி, உள்ளே வந்து பிள்ளையை அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது என்று உறுதி வாங்கினேன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

உட்கார்ந்த அன்று கேட்டவை சில கேள்விகள்தான். என்ன நடந்தது? அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? அதற்கப்புறம் என்ன நினைத்தாய்? இதனால் யார் யாருக்கு என்ன ஆனது? இதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்? பாருங்கள், இதில் "ஏன்டா செய்தாய்" கிடையாது. அதைக் கேட்டால் பையன்களிடமிருந்து வருவது "சும்மா சார்" மட்டும்தான். பாதிக்கப்பட்டவனிடம் கேட்பது வேறு: உனக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, என்ன நடந்தால் உனக்குச் சரியாகும்?

தையல், வலி, ரிப்பேர் செலவு என்று சொல்வான் என நினைத்தேன். அவன் சொன்னது வேறு. வேகமாக ஓட்டித்தான் விழுந்தான் என்று அவன் அம்மா நம்பிவிட்டாராம். சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டார். ஒன்றரை மாதமாகப் பள்ளிக்கு நடந்து வருகிறான். "எங்கம்மாகிட்ட இவங்க வந்து சொல்லணும் சார்" என்றான். அம்மா அங்கேயே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தாமதமாக ஒப்புக்கொண்டவன் எழுந்து, "அம்மா, அவன் மேல தப்பு இல்ல, பிரேக்கே இல்ல" என்றான். அதுவரை அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்புறம் தாளில் எழுதினோம். இருவரும் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பிரேக் மாட்டுவதைக் கூட நின்று பார்த்து, ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். செலவைச் சொந்தக் காசிலிருந்து மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி. மூன்றாவது தவணை வரவில்லை. நான் போய்க் கேட்டேன், வந்தது. இந்தப் போய்க் கேட்கிற வேலை இல்லையென்றால் தாளுக்கு மதிப்பே இல்லை.

மொத்தம் ஐந்து மணி நேரம் போனது. டிசி எழுதப் பத்து நிமிடம். நாற்பது பீரியடுக்கு ஆளில்லாமல் திண்டாடும் பள்ளியில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தெரியும்.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் 2015 முதல் இரண்டு ஆண்டுகள் இந்த முறையைச் செயல்படுத்தி, ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. இடைநீக்கத்தால் வீணான பள்ளி நாட்கள் அந்தப் பாதியில் 36 சதவீதம் குறைந்தன. மற்ற பாதியில் 18 சதவீதம். பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்களும் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மதிப்பெண் சரிந்தது. வகுப்பைக் கட்டுக்குள் வைக்க ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை என்று மாணவர்களே குறை சொன்னார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தண்டனையை நிறுத்துவது சுற்றறிக்கை வந்த அன்றே நடந்துவிடும். உட்கார்ந்து பேசும் திறமை அப்படி வராது. இடைப்பட்ட காலத்தில் வகுப்பு ஆடிப்போகும். ஆகவே எல்லாத் தண்டனையையும் தூக்கி எறியச் சொல்லவில்லை சார். உங்கள் மூன்று பேரை விசாரணை முடியும்வரை சில நாள் தள்ளி வைத்தால்கூட எனக்கு மறுப்பில்லை. ஏழாம் வகுப்புப் பையன் பயமில்லாமல் வந்து போக அது தேவைப்படலாம்.

இந்த முறையைத் தொடவே கூடாத இடங்களும் உண்டு. பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும், பேசித் தீர்க்க நமக்கு உரிமை இல்லை. சாதி உள்ளே இருந்தாலும் நான் அஞ்சுவேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ஊரில் யாருடைய வார்த்தைக்கு எடை என்பது முன்பே முடிவாகியிருக்கும்போது, நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் அது கட்டப்பஞ்சாயத்துதான். பலவீனமான பையன் தரையைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்லை சார்" என்பான். அந்தச் சொல் சீக்கிரமாக வந்தாலே நிறுத்திவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் சாதி இருக்கிறதா என்று கேட்டீர்களா? நான் கேட்க மறந்துவிட்டேன்.

"மத்த பசங்களுக்குப் பயம் வேண்டாமா" என்றீர்கள். டிசி வாங்கியவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்வான், அல்லது எங்கும் சேராமல் உங்கள் கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் நிற்பான். ஏழாம் வகுப்புப் பையன் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போக வேண்டும்?

இன்னொன்று. அரை மணி நேரம் பேசியதில் அந்த மூன்று பேரின் அப்பா பெயர், மார்க், போன வருடத்துச் சேட்டை எல்லாம் சொன்னீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டவனைப் பற்றி "ஏழாவது பி" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவன் பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறானா, இல்லை சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? அதை மட்டும் முதலில் விசாரியுங்கள்.

வியாழக்கிழமை மதியம் எனக்கு இரண்டு பீரியட் காலி. வரச்சொன்னால் வருகிறேன்.

அன்புடன்,
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவன்