ஞுங்னு கூப்பிடு, தம்பி

தம்பி,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் நோட்டை ரெண்டு தடவை கேட்டேன்டா. உனக்கு அந்த வியட்நாம் பொண்ணை எவ்வளவு பிடிச்சிருக்குன்னு குரல்லயே தெரியுது, ஆனா அவ பேரை ஒவ்வொரு தடவையும் 'நங்'னே சொல்ற. சிங்கப்பூர்ல உங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, அவளும் திருத்துறதில்லைன்னு சொன்னல்ல, எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு. ஹனோய்ல நான் மூணு வருஷம் இருந்தவ, அங்க கத்துக்கிட்டதை உனக்குச் சொல்லாம இருக்க முடியல.

மெயில்ல Nhung-னு இருக்கும். அந்த Nh நம்ம ஞ தான்டா! இங்கிலீஷ்காரங்களுக்கு அது கஷ்டம், ஞாயிறுன்னு சொல்லி வளர்ந்த உனக்கு என்ன கஷ்டம்? 'ஞு'னு உதட்டைக் குவிச்சு ஆரம்பி, 'ங்' வர்றப்ப உதட்டை மெதுவா மூடிடு, வாய்க்குள்ள காத்தை அடைச்ச மாதிரி இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாரு, முடிக்கும்போது வாய் திறந்திருந்தா தப்பு.

அடுத்தது ராகம். அவ பேருக்கு ராகம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, ஒரே மட்டத்துல போகணும். நாம யாரையாவது கூப்பிட்டா கடைசியில கேள்வி மாதிரி தூக்குவோம்ல, அப்படித் தூக்குனா அது வேற வார்த்தை ஆயிடும், சூடான சூப்ல கறியை முக்கி எடுக்கிறதுக்கு அந்தச் சொல்லு. தூக்காம சொன்னா வெல்வெட்னு அர்த்தம். கூப்பிடணும்னா பேருக்குப் பின்னாடி உதட்டைக் குவிக்காம ஒரு 'ஓய்' சேர்த்துக்கோ, அதையும் அதே மட்டத்துல சொல்லு, மரியாதைக் குறைவு இல்ல, அங்க அம்மாவைக்கூட அப்படித்தான் கூப்பிடுவாங்க.

முக்கியமா, நீயா கத்துக்கிட்டு போய் நிக்காத. "உன் பேரை உங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படி ஒரு தடவை சொல்லு, நான் இத்தனை நாள் தப்பா சொல்லிட்டு இருந்தேன்"னு கேளு. அவ சொன்னதும் திருப்பிச் சொல்லு, பரவாயில்லைன்னா இன்னொரு தடவை கேளு, அதோட விடு, பத்துப் பேர் முன்னாடி பிராக்டிஸ் பண்ணி அவளைக் கூச்சப்பட வைக்காத. இன்னொண்ணு, முழுப் பேர்ல முதல்ல வர்றது குடும்பப் பேரு, கடைசியில இருக்கிறதுதான் அவ பேரு, மெயில்ல முதல் சொல்லை எடுத்து ஹாய் போடுறவங்க கூட்டத்துல நீயும் சேராத.

இப்ப நீ பயப்படுற விஷயத்துக்கு வரேன். வயசு கேட்டா தப்பா நினைப்பாளோன்னு கேட்டல்ல, அங்க வயசு தெரியாம பேசவே முடியாதுடா, நான், நீங்கிற இடத்துல எல்லாம் அண்ணன், அக்கா, தம்பின்னு உறவுச் சொல்லுதான் வரும். அவ உன்னைவிட ஒரு வயசு பெரியவன்னா முறைப்படி அவ 'சி', அதாவது அக்கா, நீ 'எம்', அதாவது சின்னவன். காதலிக்கிறவங்க பொதுவா ஆம்பளையை 'அஞ்', பொண்ணை 'எம்'னு மாத்திப்பாங்க, அந்த 'அஞ்'சுக்கு அண்ணன்னுதான் அர்த்தம், நமக்குக் கேக்க விநோதமா இருக்கும், அங்க அது பாசம். ஆனா உன்னைவிடப் பெரியவகிட்ட நீயா 'நான் உன் அஞ்'னு பேச ஆரம்பிச்சா, அது உறவை நீயே முடிவு பண்ண மாதிரி. "நான் உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?"னு கேளு, அவ சொல்றதை வச்சுக்கோ. சும்மா பேருன்னு சொன்னா பேரோட நிறுத்திக்கோ.

அவங்க தாத்தா நினைவு நாளுக்கு வர்றியான்னு கேட்டிருக்கா, அதுக்கு 'ஸோ'னு பேரு, சந்திரக் கணக்குல வருஷாவருஷம் வரும், நம்ம திதி மாதிரி. மாதிரிதான், அதுவே இல்ல. எங்க கூட வேலை பார்த்தவங்க வீட்டுல ஒரு தடவை போனேன், நம்ம ஊர் நினைப்புல முகத்தைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன், அங்க சொந்தமெல்லாம் கூடி பீர் ஊத்தி சத்தமா பேசிட்டு இருந்தாங்க, அந்தப் பாட்டி எனக்கு உடம்பு சரியில்லையான்னு கவலைப்பட்டுட்டாங்க. நான் வாங்கிட்டுப் போன பழத்தை முதல்ல முன்னோர் மேடையில வச்சாங்க, ஊதுபத்தி எரிஞ்சு முடியுற வரைக்கும் சாப்பாட்டுல யாரும் கை வைக்கல, அப்புறம்தான் இறக்கிப் பந்தி போட்டாங்க. சாதத்துல சாப்பிடுற குச்சியை நட்டு மட்டும் வச்சிடாத, இறந்தவங்களுக்கு வைக்கிற சோத்துலதான் அப்படிக் குத்தி வைப்பாங்க.

எல்லா வீட்டுலயும் இப்படித்தான்னு நினைச்சுக்காத, கத்தோலிக்கக் குடும்பமும் நிறைய இருக்கு. அதனால "வியட்நாம்ல எப்படி?"னு கேக்காம "உங்க வீட்டுல எப்படி, நான் என்ன கொண்டு வரணும், ஊதுபத்தி நான் ஏத்தலாமா?"னு கேளு. முதல் கேள்விக்கு அவ ஒரு நாட்டுக்கே பதில் சொல்லணும், ரெண்டாவதுக்கு அவங்க தாத்தாவைப் பத்திப் பேசுவா.

அவ பேரைச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பு, கேட்டுட்டு சொல்றேன்.

அக்கா