டர்பன் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நீங்கள் நடத்தும் கடற்கரை உலாவுக்கான முதலுதவிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். சென்ற முறை அதில் வினிகரும் பனிக்கட்டிப் பைகளும் இருந்தன. கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசும் நாள்களில் நம் கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் நீலநிற மிதவையுடைய புளூபாட்டில் என்னும் கொட்டும் கடலுயிரி என்பதால், பெட்டியில் இருக்க வேண்டியவை வேறு.

அன்று ஒரு சிறுவனின் கெண்டைக்காலில், சவுக்கால் அடித்ததுபோல், மணி கோத்த சிவந்த கோடுகள் தடித்து எழுந்தன. எரிச்சல் தாளாமல் அவன் அழுதபோது ஒருவர் மணலை எடுத்துத் தேய்த்தார். தோலில் ஒட்டியிருக்கும் புளூபாட்டிலின் இழையில் இன்னும் வெடிக்காத கொட்டும் உறைகள் ஏராளமாக இருக்கும். தேய்த்தால் அவையும் நஞ்சைச் செலுத்தும். வினிகர் வேறு சில ஜெல்லி மீன்களுக்கு ஏற்றதாயினும் புளூபாட்டிலுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. இழையைக் கையுறை அணிந்தோ சாமணத்தாலோ எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் கொட்டுப்பட்ட காலை 20 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாறு செய்தவர்களில் 87 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. பனிக்கட்டி வைத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே குறைந்தது.

மணற்பரப்பில் சுடுநீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஃபிளாஸ்கில் 85 பாகை அளவில் நிற்கும் வெந்நீர் ஒரு பங்குக்கு, 25 பாகைக் குழாய்நீர் இரு பங்கு கலந்தால் 45 பாகை கிடைக்கும். கலவையை வெப்பமானியால் அளந்த பிறகு, கொட்டுப்படாத ஒருவர் தம் கையை விட்டுப் பார்க்கட்டும். வலியில் இருக்கும் குழந்தைக்குச் சூடு மிகுவது தெரியாமற்போய்த் தோல் வெந்துவிடக்கூடும். வாளி இல்லையென்றால் துண்டை நனைத்துப் போர்த்தி, ஆறும்போதெல்லாம் மாற்றலாம்.

பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் வலி தணியும், தழும்பு சில நாள்கள் நிற்கும். ஆனால் மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குதல், மயக்கம், நெஞ்சு இறுக்கம் தோன்றினால் சுடுநீருக்காகக் காத்திராமல் 10177 எண்ணையோ, கைப்பேசியிலிருந்து 112 எண்ணையோ அழைக்க வேண்டும். கண்ணில் பட்டாலும் மருத்துவரிடமே செல்ல வேண்டும். கரையில் காய்ந்து கிடப்பதும் கொட்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லுங்கள்.

ஆகவே அடுத்த உலாவுக்கு இரண்டு பெரிய ஃபிளாஸ்க், ஒரு வாளி, ஒரு வெப்பமானி, சாமணம், கையுறைகள் ஆகியவற்றை வாங்கி, அவற்றைக் கையாளும் பொறுப்பைப் பெயர் குறித்து இருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
சங்க உறுப்பினர் ஒருவர்