ஸபிக்கு ஒரு வரி

அன்புள்ள முருகேசா,

‘ஸபி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழில் ஒரு வரி கேட்டிருந்தாய். பதில் தாமதம்தான், திட்டிக்கொள். ஆனால் உன் புத்தகத்தின் மெய்ப்பைப் பார்த்த பிறகு திட்டும் உரிமை எனக்கும் வந்துவிட்டது. ‘சபி’ என்று அச்சடித்தால், ஹைக்கூ கவிஞர் பாஷோ யாருக்கோ சாபம் விட்டார் என்றுதான் படிப்பார்கள். ‘ஸபி’ என்று மாற்று. கிரந்தம் கூடாது என்று தமிழய்யா குதித்தால் என் பெயரைச் சொல்.

அதற்கு நேரே ‘துருவேறிய தனிமை’ என்று போட்டிருக்கிறாய். அகராதி அங்கேதான் கொண்டுபோய் விடும்: ஜப்பானியத்தில் துருவுக்கும் அதே ஒலி, தனிமையைச் சொல்லும் ‘ஸபிஷி’யும் அந்தக் குடும்பம். தமிழில் துருப்பிடித்தது என்றால் வீணானது. களிம்பு இன்னும் மோசம். செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாக்கிவிட்டது; இனி அதில் அழகு காண யாருக்கும் மனம் வராது.

அகராதியை மூடிவிட்டு, பாஷோ அந்தச் சொல்லை எந்தக் கவிதைக்குச் சொன்னார் என்று பார். அவருடைய சீடர் கியோராய் எழுதியது:

பூங்காவலர்: வெளுத்த தலைகள் நெருங்கி.

செர்ரி பூத்த காலம். மரங்களைக் காக்கும் முதியவர்கள் தலையோடு தலை சேர்த்து இருக்கிறார்கள். இதில் ஸபியின் நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று பாஷோ மகிழ்ந்தார். உன் ‘தனிமை’ இங்கேயே விழுந்துவிடுகிறது, தலை ஒன்றல்லவே! ‘அமைதி’யும் நிற்காது. ஸபி என்பது பாட்டின் நிறம், அமைதியான பாட்டுக்குப் பெயரல்ல என்று கியோராயே சொல்கிறார். முதியவர் கவசம் பூண்டு போர்க்களத்தில் நின்றாலும், பட்டு உடுத்தி விருந்தில் இருந்தாலும் மூப்பு தெரியுமே, அப்படி என்கிறார்.

அந்த உவமையிலிருந்தே வரியை எடுத்தேன்:

எதை உடுத்தாலும் மறையாத மூப்பின் நிறம்.

‘அழகு’ எங்கே என்று கேட்பாய். வேண்டுமென்றேதான் விட்டேன். அதைச் சேர்த்ததும் வரி விளம்பரமாகிவிடுகிறது. ‘முதுமை’ என்று திருத்திவிடாதே. அது நோயையும் இரக்கத்தையும் கூட்டிவரும். மூப்பில் ஒரு மரியாதை ஒட்டியிருக்கிறது.

கவிதையிலும் கை வைக்காதே. ‘நரைத்த’ என்றால் வயது வரும், பூவின் வெண்மை போய்விடும். ‘வெளுத்த’ இரண்டையும் தாங்குகிறது, காலம் செய்த வேலையும் அதில் தெரிகிறது. மூலத்தில் முதல் சொல்லுக்குப் பின், பாட்டை அங்கே நிறுத்திப் பிரிக்கும் ‘யா’ என்றொரு வெட்டு உண்டு. அதற்கு நம் ஏகாரத்தைப் போட்டால் ‘பூங்காவலரே’ என்று கூப்பிடுவது போலாகிவிடும். முக்காற்புள்ளி போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரி பாஷோ வட்டத்துக்கு மட்டும். தேநீர்க் கிண்ணம் பற்றிய உன் ஏழாம் அத்தியாயத்தில் ‘வபி-ஸபி’ என்று சேர்த்து வருகிறதே, அங்கே இதை ஒட்டாதே. வபியில் வறுமையும் எளிமையும் கலந்திருக்கின்றன, அதற்கு வேறு வரி வேண்டும். அந்தப் பக்கங்களை அனுப்பு, பார்க்கிறேன்.

சரசுவுக்கு என் அன்பு. அந்தக் குடையை இன்னும் நீதான் வைத்திருக்கிறாய்.

உன்,
சேது