வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு ரூபாய் ஒத்திகை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அப்பா அம்மாவுக்குப் புது போன் வாங்கி, கூகுள் பே, போன்பே போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறீர்கள். போட்டுத் தருகிறோம். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. ஒரு சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து இந்த ஒத்திகையையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்கள் போனிலிருந்து அம்மாவுக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள். அவர் எதையும் தொடாமலே பணம் வந்துவிடும். வரும் பணத்துக்குப் பின் நம்பர் தேவையில்லை என்பது வாயால் சொல்வதைவிட இப்படிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். “ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்” என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

அப்புறம் உங்கள் கியூஆர் கோடை அவர் ஸ்கேன் செய்யட்டும். பத்து ரூபாய் போட்டு, பின் கேட்கும் திரை வந்ததும் கையை எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் திரையின் மேலே யாருக்கு, எவ்வளவு என்று இருக்கும். இரண்டையும் சத்தமாகப் படித்துவிட்டு, பின் போடாமல் வெளியே வரட்டும். இருப்புப் பார்க்கவும் பின் கேட்கும். அங்கே தொகை இருக்காது. யூபிஐ லைட் இருந்தால் சின்னத் தொகைக்கு அது பின் நம்பர் கேட்காது, அதனால் வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அம்மாவுக்குப் பழக்கமில்லாத ஒரு நம்பரிலிருந்து, “உங்கள் கணக்கில் ரூ.5,000 வரவு வைக்கப்பட்டது” என்று உங்கள் நண்பர் ஒருவரை எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். உடனே போனும் வரட்டும்: “அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம், தவறி உங்களுக்குப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க.” கொஞ்சம் அழுதே பேசட்டும். இரக்கப்பட்டுத்தானே பெரியவர்கள் ஏமாறுகிறார்கள்!

அம்மா சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “உங்க பேங்க்ல சொல்லுங்க தம்பி.” போனை வைத்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்க்க வேண்டும். வங்கியின் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது; எழுத்துகள் கொண்ட பெயரில் வரும். அப்படியே வந்திருந்தாலும் இருப்பைப் பார்ப்பதுதான் பத்திரம்.

பணம் உண்மையிலேயே வந்திருந்தால்? அப்போதும் கேட்டவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் அம்மாவின் கணக்கையும் முடக்க வாய்ப்புண்டு. வங்கியிடம் சொல்லிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சில நாள் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் இதே ஒத்திகையை வேறு குரலில் நடத்திப் பாருங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள்; திட்டு வாங்கியவர் நிஜமாகப் பணம் போனால் உங்களிடம் மறைப்பார். பென்ஷன் கணக்கை ஆப்பில் இணைக்காமல், கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கை இணைப்பது எங்கள் யோசனை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூடிஆர் எண் இருக்கும். புகாருக்கு அதைக் கேட்பார்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்தில் புகார் பதியத் தெரியாவிட்டால் போனோடு கடைக்கு வாருங்கள், உடன் இருந்து செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மொபைல் கடைக்காரர்