புதுமண்டபத்துத் தையல்கார அண்ணாச்சிக்கு நன்றி

மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்த அண்ணாச்சி, உங்கள் பேரைக் கேட்டு வைக்கவில்லை. நீங்கள் தைத்துத் தந்த வெள்ளைச் சட்டையில் காலர் மடிப்பு தாடி உரசி நைந்துபோனது. துணி நன்றாகவே இருந்ததால் எங்கள் தெரு டெய்லரிடம் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுத்தேன். கழுத்தைச் சுற்றிவரும் பட்டையிலிருந்து காலரைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி புரட்டி, மறுபடி பட்டைக்குள் செருகித் தைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே துணியாக இருந்தால்தான் இது நடக்கும்.

பிரித்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸில் நீல நூலால், கைத்தையலில், ‘பதறாத காரியம் சிதறாது’. எழுத்து ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. நூல் வெளித்துணியைத் தொடவே இல்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸாக இருந்திருந்தால் பிரிக்கும்போதே பிய்ந்திருக்கும். நீங்கள் ஒட்டாத கேன்வாஸை நனைத்துச் சுருங்க வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்றார் அவர். துவைத்துத் துவைத்தும் காலர் கொப்புளம் கட்டாததற்கு அதுதான் காரணமாம்.

எல்லாச் சட்டையிலும் இப்படித் தைப்பீர்களாமே, பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். யாருமே பார்க்காத இடத்தில்!

கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபின் அங்கேயும் தேடினேன், நீங்கள் இல்லை. எங்கிருந்தாலும் ரொம்ப நன்றி அண்ணாச்சி. நீங்கள் தைத்த கட்டம்போட்ட சட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் காலர்தான் நைய மாட்டேன் என்கிறது.