ஹைட்ரஜன் மீது பழி போடாதீர்கள்: முதுநிலை வேதியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். சென்ற பருவத் தேர்வின் விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் உட்கார்ந்திருந்தேன். குவாண்டம் வேதியியல் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: "போர்ன்–ஓப்பன்ஹைமர் தோராயம் எங்கே பொய்க்கும்? காரணம் கூறுக." எலக்ட்ரான் வேகமானது, அணுக்கரு மெதுவானது என்று இரண்டின் அசைவையும் பிரித்துக் கணக்கிடும் தோராயம் அது. நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பில் இரண்டே வரிகள். அணுக்கரு இலேசாக இருந்தால் பொய்க்கும். எடுத்துக்காட்டு, ஹைட்ரஜன் மூலக்கூறு.

நான் திருத்திய விடைத்தாள் கட்டில் பெரும்பாலோர் அதையே எழுதி ஐந்தும் வாங்கினார்கள். ஒருவர் மட்டும் இரண்டு ஆற்றல் வளைவுகளை வரைந்து, அவை நெருங்கி வந்து விலகும் இடத்தில் ஒரு வட்டமிட்டு, "இங்கே பொய்க்கும்" என்று எழுதியிருந்தார். குறிப்பின்படி அவருக்குச் சுழியம். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாது என்றார். சரியாக எழுதிய ஒரே பிள்ளைக்குச் சுழியம் போட்ட கையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்வோம். அதைவிட இலேசான நிலையான மூலக்கூறு இல்லை. உங்கள் குறிப்பு சரியென்றால் தோராயம் அங்கேதான் மிக மோசமாகத் தடுமாற வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூற்றை இரண்டு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல், அலை எண் கணக்கில், சென்டிமீட்டருக்கு சுமார் 36,118. அணுக்கருக்களை அசையாமல் நிறுத்தி வளைவைக் கணக்கிட்டு, அதன்மேல் அவற்றை ஓடவிடும் எளிய முறையில் கிடைக்கும் விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில், அணுக்கரு அசைவைப் புறக்கணித்ததால் வருவது ஆறுக்குச் சற்று மேல் மட்டுமே. அதாவது ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை. அந்த ஆறிலும் எலக்ட்ரான் நிலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வருவது அரைக்கும் குறைவு. இதைப் பொய்த்துப்போனது என்று சொன்னால், வெற்றி என்று எதைச் சொல்வது?

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. 1927இல் மாக்ஸ் போர்னும் அவருடைய மாணவர் ஓப்பன்ஹைமரும் எழுதிய கட்டுரையில் எல்லாமே எலக்ட்ரான் நிறைக்கும் அணுக்கரு நிறைக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் மூலத்தில் விரிகிறது. புரோட்டானுக்கு அது 0.15, சோடியம் அணுக்கருவுக்கு 0.07. ஆகவே, கனம் கூடினால் தோராயம் சிறக்கும் என்று நம் பாடநூல்கள் ஒரே தாவலில் முடிவுக்கு வந்துவிடுகின்றன. அந்த விரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாம் எடுத்துக்கொண்ட எலக்ட்ரான் நிலை மற்ற நிலைகளிலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும். வகுப்பில் விகிதத்தைக் கரும்பலகையில் எழுதுகிறோம், நிபந்தனையை எழுதுவதில்லை.

தோராயத்தில் நாம் கைவிடுவது என்ன என்று பார்த்தால் இது விளங்கும். எலக்ட்ரான் அலைச்சார்பு அணுக்கருக்களின் இடைவெளி R ஐப் பொறுத்தது. அணுக்கருக்கள் நகரும்போது அந்தச் சார்பும் உருமாறுகிறது. அந்த உருமாற்றத்தில் முதல் நிலையின் சார்புக்குள் இரண்டாம் நிலையின் சாயல் எவ்வளவு வேகமாக நுழைகிறது என்பதைக் கூறும் உறுப்பைத்தான் நாம் தூக்கி எறிகிறோம். அது இதுதான்:

```
d12 = <1| dH/dR |2> / (E2 - E1)
```

கீழே இருப்பது எலக்ட்ரான் நிலைகளுக்கு இடையேயான ஆற்றல் இடைவெளி. அது சுருங்கினால் இந்த உறுப்பு வீங்கும், அணுக்கரு எவ்வளவு கனமாக இருந்தாலும். "எலக்ட்ரான் வேகமானது" என்று நாம் சொல்வதன் உண்மைப் பொருளும் இங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரான் மேகம் தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ħ ஐ அந்த இடைவெளியால் வகுத்தால் வருவது. ஹைட்ரஜனில் அடித்தள நிலையோடு கலக்கக்கூடிய அடுத்த நிலை 11 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலே இருக்கிறது. ஆக அந்த நேரம் 0.06 ஃபெம்டோ நொடி. மூலக்கூறு ஒருமுறை அதிர்ந்து முடிக்க எடுப்பதோ 8 ஃபெம்டோ நொடி. எலக்ட்ரான்களுக்கு நூறு மடங்குக்கும் மேல் அவகாசம் இருக்கிறது. ஹைட்ரஜன் தப்பிப்பது இதனால்தான்.

இனி, பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நான் மன்றாடும் மூலக்கூறு: சோடியம் அயோடைடு. வாயு நிலையில் தனித்திருக்கும் ஒரு மூலக்கூறு. இரண்டு அணுக்களுமே ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் பாறாங்கல்.

இதற்கு இரண்டு வளைவுகள். ஒன்று அயனி வளைவு: சோடியம் நேரயனி, அயோடின் எதிரயனி, இடையே கூலும் ஈர்ப்பு. மற்றது அணு வளைவு: மின்சுமையற்ற இரண்டு அணுக்கள், தூரத்தில் ஏறத்தாழச் சமதளம். அணுக்கள் வெகுதொலைவில் இருக்கும்போது அயனி வளைவுதான் மேலே நிற்கும். ஏனெனில் சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் செலவு. அயோடின் அதை ஏற்கும்போது திரும்புவது 3.06 மட்டும். நிகரக் கடன் 2.08. அருகே வரவரக் கூலும் ஈர்ப்பு இந்தக் கடனை அடைக்கிறது. அந்த ஈர்ப்பு, ஆங்ஸ்ட்ராம் அளவில் 14.4 வகுத்தல் R. கடன் சரியாக அடைபடும் இடம்:

```
R = 14.4 / (5.14 - 3.06) = 6.9 Å
```

ஒரு வரிக் கணக்கு. மேல்நிலைப் பள்ளியில் படித்த அயனியாக்கும் ஆற்றலும் எலக்ட்ரான் நாட்டமும் போதும். இரண்டு வளைவுகளும் அங்கே வெட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அவை ஒரே சமச்சீர்மை கொண்டவை. ஆகவே வெட்டாமல் விலகிக்கொள்கின்றன. அப்படி விலகியபின் கிடைக்கும் கீழ் வளைவு உள்ளே அயனியாகவும் வெளியே அணுக்களாகவும் இருக்கும். மேல் வளைவு உள்ளே அணுக்களாகவும் வெளியே அயனியாகவும் இருக்கும். விலகும் இடத்தில் இடைவெளி ஏறத்தாழ 0.1 எலக்ட்ரான் வோல்ட்.

இப்போது 310 நானோமீட்டர் ஒளித்துடிப்பு ஒன்றால் மூலக்கூற்றை மேல் வளைவுக்கு ஏற்றுங்கள். அந்த ஒளித்துகளின் ஆற்றல் 4 எலக்ட்ரான் வோல்ட். மூலக்கூற்றை அணுக்களாகப் பிரிக்க 3.15 செலவாகிறது, எஞ்சும் 0.85 இயக்க ஆற்றலாகிறது. நிறையைச் சேர்த்துக் கணக்கிட்டால் அணுக்கள் ஒரு ஃபெம்டோ நொடிக்கு 0.029 ஆங்ஸ்ட்ராம் வீதம் விலகிச் செல்கின்றன. வெட்டுமிடத்தில் இரு வளைவுகளின் சாய்வு வித்தியாசம் ஆங்ஸ்ட்ராமுக்கு 0.30 எலக்ட்ரான் வோல்ட். ஆக, நெருக்கமான பகுதியின் அகலம் மூன்றில் ஒரு ஆங்ஸ்ட்ராம். அதைக் கடக்க 11 ஃபெம்டோ நொடி. எலக்ட்ரானுக்குத் தேவைப்படும் நேரமோ, 0.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிக்கு, 6.6 ஃபெம்டோ நொடி. ஹைட்ரஜனில் நூறு மடங்கு இருந்த அவகாசம் இங்கே இரண்டு மடங்குகூட இல்லை. கனமான அணுக்கள், மெதுவான அணுக்கள், ஆனாலும் எலக்ட்ரான் திணறுகிறது.

திணறலின் அளவை 1932இல் லாண்டாவும் ஸீனரும் தனித்தனியே தந்த சூத்திரம் சொல்கிறது:

```
P = exp(-2πH² / (ħ v ΔF))
```

இங்கே H என்பது இடைவெளியில் பாதி, v அணுக்கள் விலகும் வேகம், ΔF வளைவுகளின் சாய்வு வித்தியாசம். 0.05 என்று போட்டால், வளைவு மாறித் தாவும் வாய்ப்பு நூற்றுக்கு 6 அல்லது 7. அதையே 0.045 என்று போட்டால் 11. H அடுக்கில் இருமடியாக உட்கார்ந்திருப்பதால் சிறு மாற்றமும் பெரிதாகிறது. மாணவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்த்து வியக்கட்டும். மொத்தத்தில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தாளில் மட்டும் நிற்கும் கணக்கன்று. 1980களின் இறுதியில் கால்டெக்கில் அகமது செவைலின் குழு இதைக் கண்ணால் பார்ப்பதுபோல் அளந்தது. முதல் துடிப்பு மூலக்கூற்றை ஏற்றும். சற்றுத் தாமதமாக வரும் இரண்டாம் துடிப்பு என்ன நடந்திருக்கிறது என்று விசாரிக்கும். மேல் வளைவில் மாட்டிய மூலக்கூறு வெளியே போய், அயனிகளின் ஈர்ப்பால் இழுக்கப்பட்டு, மீண்டும் உள்ளே வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.25 பிக்கோ நொடி. ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் பத்தில் ஒரு பங்கு தாவி, தனி அணுக்களாகக் கசிந்துவிடுகிறது. இரண்டாம் துடிப்பைத் தனிச் சோடியத்தின் மஞ்சள் நிறக் கோட்டுக்கு, அதாவது 589 நானோமீட்டருக்குப் பொருத்தினால், குறிகை படிக்கட்டுபோல் ஏறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு கசிவு. சற்று விலக்கி வைத்தால் மெல்லத் தேயும் அலைவு தெரிகிறது. தோராயம் முழுக்க உண்மையென்றால் படிக்கட்டே இருக்காது. மூலக்கூறு மேல் வளைவுக் குழிக்குள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

அயோடினை எடுத்துவிட்டு புரோமினை வைத்தால் வெட்டுமிடம் 8.1 ஆங்ஸ்ட்ராமுக்குத் தள்ளிப் போகிறது. அவ்வளவு தூரத்தில் எலக்ட்ரான் ஓரணுவிலிருந்து மற்றதற்குத் தாவுவது கடினம், இடைவெளி குறுகுகிறது. அதே குழு பார்த்தபோது, சோடியம் புரோமைடு ஏறத்தாழ முதல் சுற்றிலேயே கசிந்து தீர்ந்துவிட்டது. இன்னும் ஓரடி போய், சீசியம் குளோரைடுக்கு அதே வகுத்தலைச் செய்யுங்கள். 3.89 கழித்தல் 3.61, எஞ்சுவது 0.28, வெட்டுமிடம் 51 ஆங்ஸ்ட்ராம். அங்கே இரு நிலைகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கீழ் வளைவைப் பின்தொடர்ந்தால் இரண்டு அணுக்கள் கிடைக்கும் என்று தோராயம் சொல்லும். மூலக்கூறோ அந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்து அயனிகளாகப் பிரியும். சீசியத்தைவிடக் கனமான கார உலோகத்தைச் சோதனைக்கூடத்தில் கையாள்வது அரிது என்பதையும், இங்கேதான் தோராயம் முழுமையாகக் கவிழ்கிறது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

மூன்றும் அதற்கு மேலும் அணுக்கள் உள்ள மூலக்கூறுகளில் நிலைமை இன்னும் கடுமை. ஈரணு மூலக்கூற்றில் மாற்ற ஒரே ஒரு நீளம் இருப்பதால் வளைவுகள் விலகிக்கொள்கின்றன. பல்லணு மூலக்கூற்றில் இடைவெளி முற்றிலும் சுழியமாகும் வடிவங்களே உண்டு. கூம்பு வெட்டு எனப்படும் அந்த இடங்களைப் பற்றி டெல்லர் 1937இலேயே எழுதினார். நம் விழித்திரையில் ஒளி பட்டதும் ரெட்டினல் 200 ஃபெம்டோ நொடிக்குள் முறுக்கிக்கொள்வது அப்படியொரு வழியில்தான். இதற்குத் தனி அலகு வேண்டும். அதை இப்போது கேட்கவில்லை.

இப்போது நான் கேட்பது இரண்டு. ஒன்று, அந்த விடைக்குறிப்பைத் திருத்தி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பொருத்துங்கள். ஆற்றல் இடைவெளி என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும், ஹைட்ரஜன் என்று எழுதியவர்களுக்கு நிறை விகிதத்தை விளக்கிய பகுதிக்கு மட்டும் மதிப்பெண்ணும் தரலாம். அவர்கள் படித்த குறிப்பேடு அப்படி இருந்ததற்கு அவர்கள் பொறுப்பல்ல. மற்றொன்று, அடுத்த பருவத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 5.14, குளோரினின் எலக்ட்ரான் நாட்டம் 3.61 எலக்ட்ரான் வோல்ட். அயனி வளைவும் அணு வளைவும் எந்தத் தூரத்தில் சந்திக்கும்? சோடியம் அயோடைடைவிட இங்கே தோராயம் நன்றாகப் பொருந்துமா, மோசமாகவா? ஏன்?

முதல் பகுதியின் விடை 9.4 ஆங்ஸ்ட்ராம். இரண்டாம் பகுதிக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும்போது ஒரு பிரதி எனக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்திய ஓர் ஆசிரியர்